ஏழடிக் கதவும் கண்மட்டக் கோடும்: வீட்டுப் படத்தில் அளவு தெரிவது எப்படி?

இன்னும் கட்டப்படாத ஒரு வீட்டின் முகப்பைக் கணினியில் உருவாக்கி, வெயில், நிழல், சாலை, மரம் எல்லாம் சேர்த்துப் புகைப்படம் போலவே எடுத்துத் தருவதைக் கட்டடத் துறையில் ரெண்டர் என்கிறார்கள். வீடு கட்டுபவர்கள் ‘த்ரீ-டி எலிவேஷன்’ என்று கேட்டு வாங்குவதும் இதைத்தான். அந்தப் படத்தில் பெயின்டின் நிறம் தெரியும், டைல்ஸின் மினுமினுப்பு தெரியும். வீடு எவ்வளவு பெரியது என்பது மட்டும் தானாகத் தெரிந்துவிடாது. சுவரும் கண்ணாடியும் மட்டுமே உள்ள ஒரு பெட்டி வடிவம் 12 அடி உயரமாகவும் இருக்கலாம், 40 அடி உயரமாகவும் இருக்கலாம். இரண்டையும் தாளில் ஒரே அளவில் அச்சிட்டுவிட முடியும்.

படத்தைப் பார்ப்பவர், தமக்கு ஏற்கெனவே அளவு தெரிந்த ஏதாவது ஒன்றைத் தேடுகிறார். அது கண்ணில் பட்டதும், தம்மை அறியாமலே அதை வைத்து மற்றவற்றை அளந்துவிடுகிறார். வெளிப்புறப் படங்களில் இந்த வேலையைச் செய்பவை மூன்று: கதவு, ஆள், கார். இவை உண்மையான அளவில் இருந்தால் வீடு தன் உயரத்தைத் தானே சொல்லும். ஒன்று பிசகினாலும், வீட்டை எவ்வளவு துல்லியமாக வரைந்திருந்தாலும் பார்ப்பவர் மனத்தில் தவறான உயரம் பதிந்துவிடும்.

கதவு: கட்டடத்தோடு பிறந்த அளவுகோல்

ஆளையும் காரையும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கிறோம். கதவு அப்படியல்ல, கட்டடத்தின் உறுப்பு. அதனால் சுவருக்கும் கதவுக்கும் இடையே தூர வித்தியாசம் இல்லை. ஒன்றை வைத்து மற்றொன்றை நேராக அளக்கலாம்.

நம் ஊர் வீடுகளில் கதவின் உயரம் பெரும்பாலும் 7 அடி. ஜன்னலின் மேல்மட்டமும் அதே 7 அடியில்தான் வரும். லின்டல் அந்த மட்டத்தில் ஓடுவதே காரணம். தலைவாசல் மூன்றரை அடி அகலம், அறைக்கதவு 3 அடி அகலம். வாசற்படி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 அங்குல உயரம். மாடியில் கைப்பிடிச்சுவர் 3 அடி முதல் மூன்றரை அடி வரை. இந்த அளவுகளெல்லாம் மனித உடலை ஒட்டி அமைந்தவை. கட்டடம் எவ்வளவு பெரிதானாலும் படியின் உயரம் 6 அங்குலத்தை விட்டு அதிகம் நகராது, கால் அதற்கு மேல் வசதியாக ஏறாது.

இந்த உறுப்புகளும் கட்டடத்தோடு சேர்ந்து பெரிதாகிவிட்டால் அளவு காணாமல் போகிறது. இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் வத்திக்கானில் உள்ள புனித பேதுரு பேராலயம். அதன் உட்பகுதி ஏறத்தாழ 186 மீட்டர் நீளம். ஆனாலும் உள்ளே நுழைபவர்களில் பலருக்கு முதல் பார்வையில் அந்தப் பிரம்மாண்டம் பிடிபடுவதில்லை. தூண், சிலை, அலங்காரம் எல்லாமே ஒரே விகிதத்தில் பெருக்கப்பட்டிருப்பதுதான் காரணம். அங்கே தீர்த்தத் தொட்டியைத் தாங்கி நிற்கும் குழந்தை உருவங்கள் தொலைவிலிருந்து குழந்தை அளவில்தான் தெரிகின்றன. அருகில் போய் நின்றால் அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் ஆள் உயரம்.

ரெண்டரில் இதே தவறு கைதவறி நடக்கிறது. ஒரு கடையின் முகப்பைப் பிரம்மாண்டமாகக் காட்ட நினைப்பவர், முகப்பு மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒன்றரை மடங்கு பெரிதாக்குகிறார். கதவும் பத்தரை அடி ஆகிவிடுகிறது. பார்ப்பவரோ அதை ஏழடிக் கதவென்றே எடுத்துக்கொள்வார், எனவே முகப்பு பழைய அளவிலேயே தெரியும். உண்மையிலேயே பத்தடி உயரக் கதவு வைக்கும் திட்டம் இருந்தால், அதன் கைப்பிடி தரையிலிருந்து மூன்றேகால் அடியிலேயே இருக்க வேண்டும். ஏழடிக் கதவில் கைப்பிடி பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே வரும். பத்தடிக் கதவில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வரும். கைப்பிடி இருக்கும் இடத்தை வைத்தே கண் கதவின் உயரத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளும்.

கண்மட்டக் கோடு

ஆளையும் காரையும் வைக்கும் முன் கேமராவின் உயரம் முடிவாக வேண்டும். வீட்டு முகப்புப் படங்களுக்கு அது ஒரு மனிதரின் கண்மட்டம், அதாவது 5 அடி 3 அங்குலம் என்று வைப்பது நல்ல வழக்கம். சாலையில் நின்று பார்த்தால் வீடு எப்படித் தெரியுமோ அப்படியே படத்திலும் தெரியும்.

கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளும் படத்தில் ஒரே கிடைக்கோட்டில் விழும். அதுதான் அடிவானக் கோடு, கண்மட்டக் கோடு என்றும் சொல்லலாம். பக்கத்தில் இருக்கும் பொருளானாலும் தெருக்கோடியில் இருக்கும் பொருளானாலும், 5 அடி 3 அங்குல உயரத்தில் உள்ள புள்ளி அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கும். தரை சமமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

வரைந்து முடித்த படத்திலும் இந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கலாம். வீட்டின் பக்கவாட்டில் உள்ளடங்கிச் செல்லும் கோடுகளைக் கவனித்தால், கண்மட்டத்துக்கு மேலே உள்ளவை தூரம் போகப்போகக் கீழே சரியும், கண்மட்டத்துக்குக் கீழே உள்ளவை மேலே ஏறும். சரியாமலும் ஏறாமலும் கிடையாக ஓடும் மட்டம்தான் அடிவானக் கோடு.

இந்த ஒரு கோடு படம் முழுவதற்கும் அளவுகோல் ஆகிறது. எந்தப் பொருளானாலும், அது தரையைத் தொடும் இடத்திலிருந்து கோடு வரையுள்ள உயரம் 5 அடி 3 அங்குலம். பொருளின் மொத்த உயரம் அதைப்போல எத்தனை மடங்கு என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தால் உண்மை உயரம் வந்துவிடும்.

ஆட்களை நிறுத்துவது

கேமராவின் அதே தரைமட்டத்தில் நிற்கும் ஏறத்தாழ ஐந்தரை அடி ஆளின் கண்கள், அவர் எங்கே நின்றாலும் அடிவானக் கோட்டில் இருக்கும். தூரம் போகப்போக அவருடைய பாதம் படத்தில் மேலே ஏறும், உருவம் சிறுக்கும், கண் மட்டும் கோட்டை விட்டு நகராது. போட்டோஷாப்பில் ஆள் படத்தை வெட்டி ஒட்டுபவர்கள் பின்பற்றும் முறையும் இதுதான். முதலில் பாதம் படவேண்டிய இடத்தை முடிவுசெய்து, பிறகு கண் கோட்டைத் தொடும்வரை உருவத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ பொருத்துகிறார்கள். ஐந்தடிப் பெண்ணின் உச்சந்தலை கோட்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே வரும். மூன்றேமுக்கால் அடிக் குழந்தை, பாதத்திலிருந்து கோடு வரையுள்ள உயரத்தில் ஏழு பங்குக்கு மேல், அதாவது 70 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக நிற்கும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் ஆள் உருவங்களில் பல, ஆறடி மேற்கத்திய உடலுக்கு ஏற்ப அமைந்தவை. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வகுத்த மாடுலர் என்ற அளவுமுறையே 183 சென்டிமீட்டர், அதாவது ஆறடி மனிதனை அடிப்படையாகக் கொண்டது. நம் ஊரில் ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ ஐந்தரை அடி, பெண்களுக்கு ஏறத்தாழ 5 அடி. ஆறடி ஆளை மாற்றாமல் நிறுத்தினால், பார்ப்பவர் அவரை வழக்கமான உயரத்து ஆளாகவே நினைப்பார், ஏழடிக் கதவு குறுகலாகத் தெரியும்.

எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். கேமராவுக்கு மிக அருகில் நடக்கும் ஆள் படத்துக்கு உயிர் தரலாம், ஆனால் அவருக்கும் கட்டடத்துக்கும் இடையே தூரம் இருப்பதால் கட்டடத்தின் உயரத்தை அவர் நேராகச் சொல்வதில்லை. சுவரை ஒட்டியோ வாசலிலோ நிற்கும் ஆள்தான் அதைச் சொல்கிறார். முகப்புப் படத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம் என்றால், அவரை வாசற்படியில் நிறுத்துவதே சரி. மேல்மாடிக் கைப்பிடிச்சுவரில் கைவைத்து நிற்கும் இன்னொருவர் இருந்தால் மாடியின் உயரமும் விளங்கிவிடும். சுவர் அவருடைய இடுப்புக்குச் சற்று மேலே வர வேண்டும். மார்பு வரை வந்தால் ஆள் சிறுத்துவிட்டார், தொடை வரை வந்தால் ஆள் பெருத்துவிட்டார்.

காரின் அளவு

மூன்றில் அதிகம் ஏமாற்றுவது கார். கதவும் மனிதரும் உலகெங்கும் சில அங்குலங்கள் கூடிக்குறையலாம். காரின் நீளமோ நாட்டுக்கு நாடு பல அடி மாறும். இந்தியாவில் 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டது. அதனால் நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பகுதி 4 மீட்டருக்குள்ளேயே அடங்கிவிட்டது. இன்றைய மாருதி ஸ்விஃப்ட் 3.86 மீட்டர் நீளம், 1.735 மீட்டர் அகலம், 1.52 மீட்டர் உயரம். அடிக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் அடி நீளம், ஐந்தேமுக்கால் அடி அகலம், 5 அடி உயரம்.

மென்பொருள் தொகுப்புகளில் கிடைக்கும் கார்களில் பல ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகள். அங்குள்ள பெரிய செடான் 5 மீட்டரை நெருங்கும், அமெரிக்க பிக்கப் வண்டி 6 மீட்டரை நெருங்கும். அதை நம் வீட்டின் போர்டிகோவில் நிறுத்தினால் வால் கேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குரிய வழி, தேவையான அளவில் உள்ள வேறு காரைத் தேடி வைப்பதுதான். வேலை அவசரத்தில் இருப்பவர் அதைச் செய்யாமல் இருக்கும் காரையே சுருக்கிவிடுகிறார். சுருக்கப்பட்ட காரை அதன் சக்கரம் காட்டிக்கொடுக்கும். சிறிய காரின் சக்கரம் டயரோடு சேர்த்து ஏறத்தாழ 2 அடி விட்டம். 6 அங்குல நடைபாதை விளிம்பு சக்கரத்தில் கால்பங்கு உயரம் வர வேண்டும், நான்கு வாசற்படிகள் ஒரு சக்கர உயரத்துக்குச் சமமாக வேண்டும்.

கண்மட்டக் கேமராவில் காரைச் சரிபார்ப்பது எளிது. ஐந்தடிக் காரின் கூரை அடிவானக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, கோட்டோடு ஒட்டினாற்போல் இருக்கும். இன்னோவா கிரிஸ்டா போன்ற வண்டி ஏறத்தாழ 5 அடி 11 அங்குலம் என்பதால், அதன் கூரை மட்டும் கோட்டைத் தாண்டி எட்டிப்பார்க்கும். தெருவில் பத்துக் கார் நின்றாலும் இந்த உறவு மாறாது. குறுகிய தெருவில் உள்ள வீட்டுக்குக் காரைவிட ஸ்கூட்டர் பொருத்தமான துணை. நீளம் 6 அடிதான், அளவு எல்லோருக்கும் தெரியும், வாசலையும் மறைக்காது.

ஒரு வீட்டை அளந்து பார்த்தால்

30 அடி முகப்பு கொண்ட மனையில் தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். சாலை மட்டத்திலிருந்து பேஸ்மட்டம் 2 அடி. ஒவ்வொரு தளமும் பத்தரை அடி. மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் 3 அடி. கூட்டினால் மொத்த உயரம் 26 அடி. கேமரா சாலையின் எதிர்ப்புறத்தில், 5 அடி 3 அங்குல உயரத்தில் நிற்கிறது.

முதலில் வீட்டின் ஏதாவது ஒரு மூலையைப் பார்க்கலாம். தரையிலிருந்து அடிவானக் கோடு வரை 5 அடி 3 அங்குலம். அதைப்போல ஐந்து மடங்கு வைத்தால் 26 அடி 3 அங்குலம். எனவே இந்த வீடு, கோட்டுக்குக் கீழே ஒரு பங்கும் மேலே ஏறத்தாழ நான்கு பங்குமாகத் தெரிய வேண்டும்.

அடுத்து தலைவாசல். பேஸ்மட்டம் 2 அடி என்பதால் கதவின் அடி சாலையிலிருந்து 2 அடி உயரத்தில் தொடங்குகிறது, மேல்பகுதி 9 அடியில் முடிகிறது. அடிவானக் கோடு கதவின் அடியிலிருந்து மூன்றேகால் அடியில் குறுக்கே போகும். கைப்பிடியும் சரியாக அங்கேதான் இருக்கிறது. அதாவது இந்த வீட்டில் கோடு கதவின் கைப்பிடி வழியே செல்ல வேண்டும். தரையோடு தரையாக உள்ள கடைக்கதவு என்றால் அதே கோடு கதவின் முக்கால் உயரத்தில் போகும்.

வாசலில் நிற்கும் ஐந்தரை அடி ஆளுக்கும் இதே கணக்குதான். அவர் பேஸ்மட்டத்தில் நிற்பதால் கோடு அவருடைய இடுப்பையொட்டிச் செல்லும், தலை கோட்டுக்கு 2 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ‘எல்லோர் கண்ணும் கோட்டில்’ என்ற விதியை வாசலில் நிற்பவருக்கும் அப்படியே பொருத்தி, அவர் கண்ணையும் கோட்டில் கொண்டுவந்துவிடுகிறார்கள். கோடு அவர் பாதத்திலிருந்து மூன்றேகால் அடியில்தான் இருக்கிறது என்பதால் அவர் குழந்தை அளவுக்குச் சுருங்கி, அவருக்குப் பின்னால் உள்ள ஏழடிக் கதவு பதினோரு அடிக்கு மேல் இருப்பதுபோல் தெரியும்.

முன்புறக் காம்பவுண்டு சுவர் 5 அடி. ஜன்னலின் அடிமட்டம் உள்தரையிலிருந்து 3 அடி, சாலையிலிருந்து 5 அடி. இரண்டும் வெவ்வேறு தூரத்தில் இருந்தாலும் படத்தில் இரண்டுமே அடிவானக் கோட்டை ஒட்டி, கிட்டத்தட்டக் கிடையாக ஓடும்.

கடைசியாகக் கார். வீட்டின் முன் சாலையோரமாக நிறுத்தப்பட்ட ஒரு ஸ்விஃப்ட், 30 அடி முகப்பில் பன்னிரண்டே முக்கால் அடியை எடுத்துக்கொள்ளும். இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் இருபத்தைந்தரை அடி. மூன்றாவது காருக்கு இடமே இல்லை. சாலை வீட்டைவிடக் கேமராவுக்கு அருகில் இருப்பதால், படத்தில் கார்கள் இன்னும் சற்றுப் பெரிதாகவே தெரிய வேண்டும். நேர் எதிரிலிருந்து எடுத்த படத்தில் மூன்று கார்கள் தாராளமாக நின்றால், கார்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன, அல்லது மனை விரிக்கப்பட்டிருக்கிறது.

பிழை நேரும் இடங்கள்

ஆட்களை நான்கரை அடியாகச் சுருக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் இதே வீட்டில் கணக்கிடலாம். பார்ப்பவர் அவர்களை ஐந்தரை அடி என்று எடுத்துக்கொள்வதால், 26 அடி வீடு ஏறத்தாழ 32 அடியாகத் தெரியும். ஒரு செங்கல்லைக்கூட மாற்றாமல் வீடு 6 அடி வளர்ந்துவிடுகிறது. மனை விற்பனை விளம்பரங்களில் இது தெரிந்தே செய்யப்படுவதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்கும் வழி, சாலையில் நிற்பவர்களின் தலைகளைப் பார்ப்பதுதான். எல்லாருடைய தலையும் கோட்டுக்குக் கீழேயே அமிழ்ந்திருந்தால் ஆட்கள் சுருக்கப்பட்டிருக்கிறார்கள், அல்லது கேமரா மனிதக் கண்ணைவிட உயரத்தில் இருக்கிறது. கார்க் கூரைகளும் வெகுவாகத் தாழ்ந்திருந்து, அவற்றின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரிந்தால் கேமரா உயரத்தில் இருக்கிறது என்று பொருள். கார்க் கூரை கோட்டை ஒட்டியே இருக்க, ஆட்கள் மட்டும் தாழ்ந்திருந்தால் பழுது ஆட்களில்.

கேமரா உயரத்தில் இருப்பது தவறல்ல, அளவுகோல்தான் மாறும். கேமரா 33 அடி உயரத்தில் இருந்தால், ஐந்தரை அடி ஆள் தன் பாதத்திலிருந்து அடிவானக் கோடு வரையுள்ள உயரத்தில் ஆறில் ஒரு பங்கு இருப்பார். கேமரா கீழ்நோக்கி அதிகம் சாயாத வரைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இத்தகைய படத்தில் கண்மட்டத்தில் எடுத்த ஆள் புகைப்படத்தை வெட்டி ஒட்டக் கூடாது. தரையை மேலிருந்து பார்க்கிறோம், ஆளை நேரெதிரில் பார்க்கிறோம் என்றாகி, அவர் அட்டையை நட்டுவைத்ததுபோல் நிற்பார்.

லென்ஸிலும் ஓர் எல்லை உண்டு. குறுகிய தெருவில் முழு வீட்டையும் படத்துக்குள் அடக்க அகலக்கோண லென்ஸ் தேவைப்படும். அதில் படத்தின் ஓரங்கள் பக்கவாட்டில் இழுபடும், ஓரத்தில் நிற்கும் கார் உண்மையைவிட நீளமாகத் தெரியும். மாதிரியில் கார் சரியான அளவில் இருந்தாலும் படத்தில் அது பொய் சொல்லும். காரை ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்துவதும், கேமராவைப் பின்னால் கொண்டுபோய்க் கோணத்தைக் குறைப்பதும் இதற்குத் தீர்வு.

உயரம் சரியாக இருந்தும் பொருள் ஒட்டாமல் தெரிந்தால் நிழலைப் பார்க்க வேண்டும். சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது சமதரையில் விழும் நிழலின் நீளம் பொருளின் உயரத்துக்குச் சமம். காம்பவுண்டு சுவரின் நிழல் 5 அடி தள்ளி விழும் படத்தில், பக்கத்தில் நிற்கும் ஆளின் நிழல் 2 அடியில் முடிந்தால் அவருடைய உயரத்தையும் கண் நம்பாது. சக்கரத்துக்கும் பாதத்துக்கும் அடியில், தரையைத் தொடும் இடத்தில் கருமையான மெல்லிய நிழல் வேண்டும். அது இல்லாவிட்டால் பொருள் மிதப்பதுபோல் தெரியும். மிதக்கும் பொருள் எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரியாது, இடம் தெரியாவிட்டால் அளவும் தெரியாது.

இந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்க ஒரே வழக்கம் போதும். வீடு, கதவு, ஆள், கார் அனைத்தையும் மாதிரியிலேயே உண்மை அளவில் வைத்துவிட்டு, பிறகு படம் எடுக்க வேண்டும். ஸ்கெட்ச்அப் மென்பொருளில் புதிய கோப்பைத் திறந்ததும் ஒரு மனித உருவம் நிற்பது இதற்காகத்தான். பலர் வேலை தொடங்கியதும் அதை அழித்துவிடுகிறார்கள். அதை வாசலருகே நகர்த்தி, வேலை முடியும்வரை வைத்திருப்பது நல்லது. தொகுப்பிலிருந்து இறக்கும் ஒவ்வொரு காரையும் ஒருமுறை டேப் கருவியால் அளந்துவிட வேண்டும். அங்குலத்தில் உருவாக்கிய கார் சென்டிமீட்டராக இறங்கினால் பொம்மையாகி உடனே கண்ணில் படும், ஆனால் பத்து சதவீதம் சுருங்கிய கார் அளக்காமல் தெரியாது.

வீடு கட்டவோ வாங்கவோ போகிறவர்கள் தங்களுக்குக் காட்டப்படும் படத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம். கதவின் உயரத்தை அளந்து அதை 7 அடி என்று கொண்டு, கதவை ஒட்டிய சுவர் அதைப்போல எத்தனை மடங்கு என்று கணக்கிட்டு, வரைபடத்தில் எழுதியுள்ள உயரத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சரியான அளவில் வேறு படம் கேட்டு வாங்குங்கள்.